விருப்பக் கடிதத்தில் 191 மாலைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஜூலையில் எங்கள் கல்லூரியில் கணிதம் முடித்த ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தார். நான் அங்கே கணிதம் கற்பிப்பவன். அவர் படித்த ஆண்டுகளில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். அவருடைய வீடு திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில். குடும்பத்தில் கல்லூரி வரை வந்த முதல் ஆள் அவர்தான். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

பிள்ளைகளின் வாசிப்புக்காக மாலை மையங்கள் நடத்தும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அவர் கடிதம் எழுத விரும்பினார். அந்த நிறுவனம் ஆள் தேவை என்று விளம்பரம் கொடுக்கவில்லை. அதனால் இது வேலை விண்ணப்பம் ஆகாது, விருப்பக் கடிதம். விண்ணப்பம் என்றால் கேட்ட தகுதிகளுக்கு வரிசையாகப் பதில் எழுதிவிடலாம். இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. நான் யார், என்ன செய்திருக்கிறேன், ஏன் உங்களிடம் வருகிறேன் என்பதை நாமாகவே சொல்ல வேண்டும். கேள்வி இல்லாத இடத்தில் பெரிய சொற்கள் சுலபமாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அவருடைய முதல் வரைவிலும் அதுதான் நடந்திருந்தது.

முதல் வரைவு

ஒரு பக்கக் கடிதம், ஆங்கிலத்தில் இருந்தது. சிறு வயது முதலே சமூக சேவையில் தீராத ஆர்வம் என்று தொடங்கி, நூற்றுக்கணக்கான குழந்தைகளின் வாழ்க்கையில் மாற்றம் கொண்டுவந்தேன், 240 மணி நேரம் சமூகப் பணி ஆற்றினேன், பார்வை மாற்றுத்திறனாளிகளின் நலனுக்காக உழைத்தேன் என்று போனது. கூடவே ஒரு படமும் இணைத்திருந்தார். தெருவிளக்கின் கீழே பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நடுவில் இவர் புத்தகத்தோடு இருக்கும் படம்.

ஒவ்வொரு வரியாகக் கேட்டேன்.

"நூற்றுக்கணக்கான குழந்தைகள்னா யாரும்மா?"

"இல்லம் தேடிக் கல்வி சார். எங்க தெருவில நான்தான் நடத்தினேன்."

"எத்தனை பிள்ளைங்க?"

"இருபது பேர் சார்."

கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர்கள் தங்கள் தெருவிலேயே மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும் என்பதால், இவர் கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்ந்திருக்கிறார். திட்டத்தின் பெயரையே கடிதத்தில் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "காசு வாங்கினேனே சார், அப்புறம் அது சேவை ஆகாதே" என்றார்.

240 மணி நேரம் என்பது எனக்குத் தெரிந்த எண். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டுக்கு 240 மணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனே நான். அந்த மணிக்கணக்கில் அறிமுக வகுப்பு, வளாகத் தூய்மை, பேரணி எல்லாமே சேரும். சான்றிதழ் பொய் இல்லை. ஆனால் "240 மணி நேரம் சமூகப் பணி" என்று படிக்கிறவர் மனதில் எழும் காட்சி வேறு, நடந்தது வேறு.

பார்வை மாற்றுத்திறனாளிகள் பற்றிய வரிக்குப் பின்னால் இருந்தது, தன் கல்லூரியிலேயே ஜூனியர் மாணவர் ஒருவருக்கு மூன்று தேர்வுகளில் சொல்வதை எழுதுபவராக உட்கார்ந்தது.

நான் கவனித்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பெண் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர் இல்லை. இருபது பிள்ளைகள் என்று எழுதினால் யார் மதிப்பார்கள் என்ற பயம்தான் அவரை நூற்றுக்கணக்கில் எழுத வைத்தது. ஆகவே "மிகைப்படுத்தாதே" என்று சொல்லி அனுப்பினால் போதாது என்று பட்டது. இருபது பிள்ளைகளோடு உண்மையில் என்ன நடந்தது என்பதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

நோட்டு

வருகைப் பதிவு எங்காவது எழுதினாயா என்று கேட்டேன். மறுநாள் ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொண்டுவந்தார். 2022 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை. இடது ஓரத்தில் பெயர்கள், மேலே தேதி, கட்டங்களில் டிக். பிற்பகுதியில் யார் எதை வாசித்தார்கள் என்ற குறிப்புகள்.

இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். மையம் நடந்த மாலைகள் 214. பதிவில் 20 பெயர் இருந்தாலும், பாதி நாளுக்கு மேல் வந்தவர்கள் 13 பேர்தான். மற்றவர்களில் சிலர் டியூஷனுக்குப் போய்விட்டார்கள், இரண்டு குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு இடம் மாறியது.

நடுவில் சில பக்கங்களில் எழுத்து சாய்வாக, வேறு மையில் இருந்தது. இது யார் எழுத்து என்று கேட்டேன். செமஸ்டர் தேர்வு நேரத்தில் தங்கை நடத்தினாள் என்றார். அந்தப் பக்கங்களைத் தனியாக எண்ணினோம். 23 மாலைகள். அவர் தானே நடத்தியது 191.

பிறகு குறிப்புப் பக்கங்கள். 2022 பிப்ரவரியில், பள்ளிகள் திரும்பத் திறந்த சமயம், ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் குறித்திருந்தார். தொடர்ந்து வந்த 13 பேரில் ஐந்து பேருக்கு டிக். அதில் ஒரு டிக் மட்டும் பின்னால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி. விரலை வரியின் மேல் வைத்து, திக்காமல், ஏற்ற இறக்கத்தோடு முழுப் பாடத்தையும் வாசிப்பாள். மையத்திலேயே நன்றாக வாசிப்பவள் என்று இவர் நினைத்திருந்தார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தால், வாய் சொல்வது மூன்றாவது வரி, விரல் இருப்பது ஐந்தாவது வரி. புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு வரியைக் காட்டி "இதிலிருந்து படி" என்றதும் அந்தப் பெண் பேசவில்லை. அக்காள் படிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடமே மனப்பாடம் ஆகியிருந்தது. எழுத்துகளில் பாதிதான் தெரியும்.

"அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆச்சு சார். அதுவரைக்கும் அவளைத்தான் மத்த பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதனாலதான் அந்த டிக்கை அடிச்சேன்."

அன்றே மற்ற நான்கு பேரையும் நடுவிலிருந்து வாசிக்க வைத்துப் பார்த்திருக்கிறார். அவர்கள் வாசித்தார்கள். ஆகத் தொடக்கத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். 2023 ஏப்ரலில் அதே முறையில் பார்த்தபோது ஒன்பது பேர். கடைசி வரை எழுத்துக்கூட்டியே படித்தவர்கள் இரண்டு பேர். மீதி இருவர் நடுவில்.

முதல் வரைவில் இதில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது வரைவும் தவறியது

இதையெல்லாம் வைத்து எழுதி வா என்று அனுப்பினேன். திரும்பி வந்தது நேர் எதிரான கடிதம். "நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. என் தெருவில் சில பிள்ளைகளுக்கு என்னால் முடிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்."

மிகைக்குத் திட்டு வாங்கியவர் அடக்கத்தில் போய் ஒளிந்துகொண்டார். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். "நூற்றுக்கணக்கான" என்ற சொல்லிலும் 191 மாலைகள் தெரியாது, "சில பிள்ளைகள்" என்ற சொல்லிலும் தெரியாது. இதில் என் தவறும் உண்டு. எதை நீக்க வேண்டும் என்று நிறையச் சொன்ன நான், எது இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள்

மூன்றாவது முறை சேர்ந்து உட்கார்ந்தோம். சில முடிவுகளுக்கு நேரம் எடுத்தது.

முதலில் ஊக்கத்தொகை. அவர் அதை மறைக்கவே விரும்பினார். தமிழ்நாட்டில் கல்விப் பணியில் இருக்கும் எந்த நிறுவனத்துக்கும் அந்த 1,000 ரூபாய் தெரியும், அதைச் சொல்லாமல் "இலவசமாகக் கற்பித்தேன்" என்ற தொனி வந்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். ஒரே வரியில், எந்தச் சமாதானமும் இல்லாமல் எழுதுவது என்று முடிவானது.

அடுத்து, நான்கு ஒன்பதானதை எப்படிச் சொல்வது என்பது. "என்னால் ஐந்து பேர் வாசிக்கக் கற்றார்கள்" என்று எழுதத் தோன்றும். ஆனால் அதே பதினைந்து மாதத்தில் பள்ளி திறந்திருந்தது, ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு ஒரு வயதும் கூடியது. இவருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எண்ணை எழுதுவது, காரணத்தைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது என்று வைத்தோம்.

ஆர்வத்தைச் சொல்லும் பகுதிக்கு அந்த அடிக்கப்பட்ட டிக் போதும் என்பது என் கருத்து. அவர் பயந்தார். தன் தவறைத் தானே எழுதிக் கொடுப்பதா என்று. ஆனால் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அவர் படித்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்க வைத்துப் பார்க்கிறார்கள் என்று அதில் இருந்தது. ஏழு வாரம் ஏமாந்த ஒருவர் அந்த முறையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறார் என்றால் அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பது தானாகப் புரியும். "தீராத ஆர்வம்" என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

படத்தை நீக்கினோம். பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் முகத்தை வெளியே அனுப்பக் கூடாது. குழந்தைகளோடு வேலை செய்யும் நிறுவனம் அதைத்தான் முதலில் கவனிக்கும். மனப்பாடமாக வாசித்த அந்தச் சிறுமியின் பெயரும் கடிதத்தில் வரவில்லை.

நலப்பணித் திட்டத்திலிருந்து ஒரு வரி மட்டும் வைத்தோம். தேர்வெழுத உதவியதை விட்டுவிட்டோம். அது நல்ல வேலைதான், ஆனால் இந்தக் கடிதத்தின் போக்கில் ஒட்டவில்லை.

மொழி தமிழ் என்று முடிவு செய்தோம். களத்தில் அவர் பேசப் போவது தமிழில். தன்விவரக் குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் இணைந்தது.

அனுப்பிய கடிதம்

> பொருள்: மாலை வாசிப்பு மையத்தில் களப்பணி செய்ய விருப்பம்
>
> மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,
>
> வணக்கம். நான் இந்த ஆண்டு பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். உங்கள் மாலை வாசிப்பு மையங்களில் வேலை செய்ய விரும்புகிறேன். இப்போது இடம் இல்லை என்றாலும், தேவைப்படும்போது என்னை அழைக்கலாம்.
>
> 2022 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தினேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றேன். பதிவில் 20 பிள்ளைகள், தொடர்ந்து வந்தவர்கள் 13 பேர். சேரும்போது அவர்கள் 3, 4ஆம் வகுப்பில் இருந்தார்கள். 191 மாலைகள் நான் நடத்தினேன். எனக்குத் தேர்வு இருந்த 23 மாலைகள் என் தங்கை நடத்தினாள்.
>
> தொடக்கத்தில் இந்த 13 பேரில் 4 பேர் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசித்தார்கள். முடியும்போது 9 பேர் வாசித்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளியும் நடந்தது, எனவே இது என் வேலையால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்குக் கடைசி வரை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது.
>
> நன்றாக வாசிக்கிறாள் என்று நான் நினைத்த ஒரு சிறுமி, பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் விரல் வேறு வரியில் இருந்ததை ஏழு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். பிள்ளைகளின் வாசிப்பைச் சரியாகப் பார்த்து அறியும் முறையைக் கற்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்க வைத்துப் பார்ப்பதை உங்கள் ஆண்டறிக்கையில் படித்தேன். உங்களிடம் வர விரும்புவதற்குக் காரணம் அதுதான்.
>
> நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இரண்டு தோழிகளோடு 40 வீடுகளுக்குச் சென்று, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைக் கணக்கெடுத்திருக்கிறேன். இரு சக்கர வாகனம் ஓட்டத் தெரியும். மையத்தின் வருகை நோட்டு என்னிடம் இருக்கிறது, கேட்டால் கொண்டுவருகிறேன்.
>
> நன்றி.

பின்பு நடந்தது

பத்தொன்பதாவது நாள் தொலைபேசியில் அழைத்தார்கள். இதே கடிதத்தை, நான்காவது பத்தியை மட்டும் மாற்றி வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பியிருந்தார். அங்கிருந்து பதிலே வரவில்லை. ஒரு நல்ல கடிதம் எல்லாக் கதவையும் திறக்கும் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேர்காணல் முக்கால் மணி நேரம் நடந்தது. பாதிக்கு மேல் அந்தச் சிறுமியைப் பற்றித்தான் கேட்டார்கள். கண்டுபிடித்த பிறகு என்ன செய்தாய், மற்ற நான்கு பேரும் மனப்பாடம் இல்லை என்று எப்படித் தெரியும், அந்தப் பெண்ணுக்கு மற்ற பிள்ளைகள் முன்னால் வெட்கம் வராமல் பார்த்துக்கொண்டாயா என்று. கடைசிக் கேள்விக்கு அவர், "பார்த்துக்கல மேடம். ரெண்டு நாள் அவ வரல. அவங்க வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள்.

இரண்டு இடத்தில் தடுமாறினார். "நீங்கள் நேரில் பேசுவது போல இந்தக் கடிதம் இல்லையே, யாராவது எழுதிக் கொடுத்தார்களா?" என்று கேட்டார்கள். என் ஆசிரியர் திருத்தினார், எண்கள் என்னுடையவை என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னதால் அது அங்கேயே முடிந்தது. இன்னொன்று, தன்விவரக் குறிப்பில் பரிந்துரைக்காகக் கொடுத்திருந்த தலைமையாசிரியரின் எண். அவர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருந்தார். முன்கூட்டியே சொல்லி வைக்காததால், அழைப்பு வந்தபோது யாரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றே அவருக்கு உடனே புரியவில்லை. அதனால் முடிவு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அவர் மனதில் இருந்தது ஒருங்கிணைப்பாளர் வேலை. கிடைத்தது மூன்று மாதத் தகுதிகாண் அடிப்படையில் களப்பணியாளர் இடம், இரண்டு மையங்களின் பொறுப்பு. வீட்டில் கொஞ்சம் ஏமாற்றம். "டிகிரி முடிச்சிட்டு மறுபடியும் தெருவிலயா?" என்று அவருடைய அப்பா கேட்டாராம். ஆனாலும் சேர்ந்தார். மூன்று மாதம் கழித்துப் பணியை உறுதி செய்தார்கள்.

சேர்ந்த பிறகு அங்கே மூத்த களப்பணியாளர் ஒருவர் அவரிடம் சொன்னதை எனக்குச் சொன்னார். வரும் கடிதங்களில் தங்கள் மையத்துக்கு எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று எழுதியவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லையாம். 20, 13 என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததால்தான் கடிதத்தை முழுதாகப் படித்தாராம்.

மறுபடியும் செய்தால் மாற்றுவது

பரிந்துரைப்பவரிடம் கடிதம் அனுப்பும் முன்பே பேசி, இப்போதைய எண்ணையும் அழைக்க ஏற்ற நேரத்தையும் வாங்கச் சொல்வேன். இது கால் மணி நேர வேலை. நான் மறந்ததால் அந்தப் பெண் இரண்டு வாரம் தூங்காமல் இருந்தார்.

வாக்கியங்களில் என் கை குறைவாகப் பட வேண்டும். "வாசிப்பைச் சரியாகப் பார்த்து அறியும் முறை" என்பது என் வாக்கியம். அவர் முதலில் எழுதியது, "பிள்ளை நிஜமாகவே படிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது" என்று. அதையே விட்டிருக்க வேண்டும். நேர்காணலில் பேசிய பெண்ணும் கடிதத்தில் எழுதிய பெண்ணும் ஒரே ஆளாக இருந்திருப்பார்கள்.

தங்கை பற்றிய வரியை நேர்மைக்காக மட்டும் வைத்தோம். நேர்காணலில் தெரிந்தது, அவர்கள் அதை வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள் என்று. பொறுப்பாளர் இல்லாத நாளில் மையம் மூடாமல் நடந்ததா என்பதுதான் அவர்களுடைய தினசரிக் கவலை. தங்கைக்கு முன்கூட்டியே என்ன பாடம், எந்தப் பிள்ளைக்கு எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார். அந்தத் தாள்கள் நோட்டுக்குள்ளேயே மடித்து இருந்தன. நான் அவற்றைப் புரட்டிப் பார்த்தும், கேட்காமல் விட்டேன். இப்போது என்றால் அந்த வரி இப்படி இருக்கும்: "எனக்குத் தேர்வு இருந்த 23 மாலைகள், நான் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து என் தங்கை நடத்தினாள்."